முடிவுத் திகதிக்கு முன்பே புளித்த பால் பக்கெற் தொடர்பான முறைப்பாடு

த. யோகேஸ்வரி,
இணுவில் மேற்கு,
இணுவில்,
யாழ்ப்பாணம்.
16.06.2025

முகாமையாளர்,
தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு,
பாற்பண்ணைத் தலைமை அலுவலகம்.

ஐயா/அம்மணி,

500 மில்லிலீற்றர் பாச்சர் செய்த பசும்பால், தொகுதி இலக்கம் 162/2, உற்பத்தி 11.06.2025, முடிவு 18.06.2025

மேலே குறித்த தொகுதியில் இரண்டு பக்கெற்றுகளை 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட உள்ள பலசரக்குக் கடையொன்றில் வாங்கினேன். மறுநாள் காலையில் ஒன்று புளித்துத் திரைந்துவிட்டது. முடிவுத் திகதிக்கு அப்போது இன்னும் நான்கு நாள் இருந்தது. மற்றது நல்லாக இருந்தது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது முழுக்க அந்த இரண்டாவது பக்கெற்றைப் பற்றித்தான் என்றும் சொல்லலாம். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் மாமியின் ஆட்டத் திவசம். படையலுக்குப் பாயாசம் வைக்கத்தான் பால் வாங்கினேன். கடையில் குளிர்ப்பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். கையில் பிடிக்கையில் இரண்டும் நல்ல குளிர். வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜின் உள்தட்டில் பக்கத்தில் பக்கமாக வைத்தேன், கதவுத் தட்டில் வைக்கவில்லை. இரவில் கரண்ட் நிற்கவும் இல்லை. காலையில் எடுத்தபோது ஒரு பக்கெற் லேசாக ஊதியிருந்தது. மேல் ஓரத்தில், ஒட்டுப்போட்ட இடத்தின் ஒரு மூலை ஈரமாக இருந்தது. அமத்திப் பார்த்தேன், அந்த மூலையில் பால் துளிர்த்தது. வெட்டியதும் புளிச்ச மணம். எந்தப் பாலையும் தனியாகக் காய்ச்சிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதோடு சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால் சிறிய சட்டியில் விட்டு அடுப்பில் வைத்தேன். கொதி வருவதற்கு முன்பே திரைந்து, பச்சைத் தண்ணீர் வேறு, கட்டி வேறாகப் பிரிந்தது. உடனே மற்றப் பக்கெற்றை இன்னொரு சட்டியில் காய்ச்சினேன். அது பொங்கி, ஆடை பிடித்து, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. ஐயர் வரும் நேரமாகிவிட்டது. சவ்வரிசி ஏற்கெனவே வெந்திருந்தது. பாதிப் பாலோடும் மிச்சத்துக்குப் பால்மாவோடும் பாயாசம் ஒப்பேறியது.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, பக்கெற்றின் பின்பக்கத்தில் இருந்த வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு எடுத்தேன். சற்று நேரம் காத்திருக்க வைத்துவிட்டுத் தமிழ் பேசும் ஒரு தம்பியிடம் இணைத்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் நான் தொகுதி இலக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பதில் வந்துவிட்டது: “அம்மா, உங்கட பிரிட்ஜில கூலிங் காணாது போல. நாலு டிகிரிக்குக் கீழ வைக்கச் சொல்லி பக்கெற்றில போட்டிருக்குதானே.” மற்றப் பக்கெற் அதே பிரிட்ஜில், அதே தட்டில், அதே இரவு இருந்தது என்றேன். “அப்ப கடையில வச்ச பிழையா இருக்கும்” என்றார். அதுவும் அதே கடைதானே தம்பி என்றேன். முறைப்பாட்டைப் பதிந்திருக்கிறோம், வேறு பக்கெற் ஒன்று தரச் சொல்லிக் கடைக்கு அறிவிக்கிறோம் என்று சொல்லி முடித்துவிட்டார். முறைப்பாட்டு இலக்கம் கேட்டேன். அப்படி ஒன்று கொடுப்பதில்லையாம்.

நான் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பாலைப் பற்றி உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. இருந்தாலும் அந்தத் தம்பிக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் என் கணக்கை எழுதுகிறேன். பாச்சர் செய்யும்போது பாலை 72 பாகை செல்சியசில் 15 செக்கன் வைத்துக் குளிரவிடுகிறார்கள். நோய்க்கிருமிகள் சாகும், எல்லாக் கிருமியும் சாகாது. தப்பியவை குளிரில் மெதுவாகப் பெருகும், குளிர் விட்டுப்போனால் விரைவாகப் பெருகிப் பாலின் வெல்லத்தை இலக்றிக் அமிலமாக்கும். புளிப்பு ஏறிய பால் சூடு பட்டதும் திரையும். என் பிரிட்ஜிலோ கடைப் பெட்டியிலோ லொறியிலோ குளிர் விட்டுப்போயிருந்தால், பக்கத்தில் பக்கமாக வந்த இரண்டு பக்கெற்றும் கெட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கெட்டது. அதுவும் ஊதிக் கெட்டது. ஊதுவது என்றால் உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது. சூடாக்கிய பிறகு வெளியிலிருந்து கிருமி புகுந்த பாலில்தான் பெரும்பாலும் அப்படி நடக்கும். ஒட்டு மூலையில் துளிர்த்த பாலையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் பொதி செய்யும் இயந்திரத்தில் ஒட்டுப் போடும் இடத்தையே என் சந்தேகம் சுற்றுகிறது.

வேறு வழியாகவும் யோசித்துப் பார்த்தேன். தொகுதி இலக்கத்தில் உள்ள 162 ஆண்டின் 162ஆம் நாளாக இருக்க வேண்டும். கலண்டரில் எண்ணினால் சரியாக யூன் 11 வருகிறது. அதற்கு முதல் நாள் பொசன் போயா. லீவு நாளில் சேர்த்த பால் கூடுதல் நேரம் தாங்கியில் கிடந்ததோ என்று முதலில் நினைத்தேன். மாட்டுக்குப் போயாவும் இல்லை, ஞாயிறும் இல்லை, பால் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அதுவும் பொருந்தவில்லை. தாங்கியில் பிழை என்றால் தொகுதி முழுக்கப் பிழை, இரண்டாவது பக்கெற் அப்படிப் பொங்கியிருக்காது.

கடைக்காரரைப் பற்றியும் ஒரு சொல். திங்கட்கிழமை காலை அவரிடம் போனபோது, நான் கேட்காமலே வேறு பக்கெற் எடுத்து நீட்டினார். வாங்கவில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து அதுவரை அவருக்கு ஒரு அறிவித்தலும் வந்திருக்கவில்லை. “அக்கா, நான் என்ன செய்யிறது, லொறியில வாறதைத்தான் வைக்கிறன். கெட்டுப்போச்சு எண்டு சொன்னா அவையள் திருப்பி எடுக்க மாட்டினம், நட்டம் எனக்குத்தான்” என்றார். அவர் சொல்வது உண்மையானால், உங்கள் ஆலையின் ஒட்டுப் பிழைக்கு ஒரு சின்னக் கடைக்காரர் தன் பையிலிருந்து காசு கட்டுகிறார். அப்படி மாற்றிக் கொடுத்துவிட்டால் முறைப்பாடு உங்கள் மேசைக்கு வரவே வராது. இப்படி எத்தனை பக்கெற் கடைவாசலிலேயே முடிந்துபோகிறது என்று உங்களுக்குத் தெரிய வழியும் இல்லை. வேறு பக்கெற் கொடுத்துவிட்டால் சரி என்று உங்கள் சேவைப் பிரிவு நினைப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

எங்கள் ஒழுங்கையில் முன்பு ஒரு அம்மா போத்தலில் பால் ஊற்றுவா. மாடு விற்ற பிறகு அந்தப் பாலும் நின்றது. பிறகு பால்மாதான். அங்கர் மாவைக் கரைத்துக் குடித்துப் பழகிய பிள்ளைகளுக்குப் பசும்பால் வாடை பிடிக்கச் செய்யவே பெரும்பாடு பட்டேன். உங்கள் பக்கெற் பாலுக்கு மாறியது உள்ளூர் மாடு வைத்திருப்பவனுக்கு நாலு காசு போகட்டும் என்ற எண்ணத்திலும்தான். திவசத்தன்று திரும்பவும் பால்மாப் பேணியைத் திறக்க வைத்துவிட்டீர்கள். அன்று வந்திருந்த என் மச்சாள் “நான் அப்பவே சொன்னனான்” என்றா. அதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருக்க வேண்டும்.

சரி, நான் கேட்பது இதுதான். 162/2 தொகுதியில் நீங்கள் ஆய்வுக்காக எடுத்து வைத்த மாதிரிப் பக்கெற்றுகள் இருந்தால், பாலை மட்டும் பாராமல் ஒட்டையும் அமத்திப் பாருங்கள். அன்று அந்த இயந்திரத்தில் ஒட்டுச் சூடு எப்படி இருந்தது, இதே தொகுதிக்கு வேறு இடங்களிலிருந்து முறைப்பாடு வந்ததா என்று பார்த்து, கண்டதை எனக்கு எழுத்தில் அறிவியுங்கள். பிழை இல்லை என்று கண்டாலும் அதையே எழுதுங்கள், காரணத்தோடு. அந்தத் தொகுதிப் பக்கெற்றுகள் 18ஆம் திகதி வரை கடைகளில் இருக்கும். ஒட்டில் பிழை என்று தெரிந்தால் அவற்றை எடுப்பதற்கு இன்றும் நாளையும்தான் உங்களுக்கு நேரம். அதனால் தபாலில் விடாமல், உங்கள் விற்பனை முகவரின் கையில் இன்றே இதைக் கொடுக்கிறேன். கெட்டுப்போன பக்கெற்றுகளைக் கடைக்காரர்களிடமிருந்து திருப்பி எடுப்பதற்கு உங்களிடம் ஒரு நடைமுறை இருந்தால், அது திருநெல்வேலிக் கடைகளுக்கும் தெரியட்டும். காசைப் பற்றிக் கேட்டால், அந்த ஒரு பக்கெற்றின் விலை 260 ரூபா. அதைத் தருவதானால் தாருங்கள். பாயாசத்துக்கு நட்டஈடு கேட்கவில்லை.

வெறும் பக்கெற்றைக் கழுவாமல் ஒரு பையில் கட்டி, திரைந்த பாலில் கொஞ்சத்தைச் சுத்தமான போத்தலில் விட்டு, இரண்டையும் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் பக்கெற்றைக் காட்டுவேன், பாலில் பாதியைக் கொடுப்பேன். மற்றப் பாதியும் பக்கெற்றும் என்னிடமே இருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம், தேவைப்பட்டால் வேறு இடத்திலும் காட்ட வேண்டி வரலாம்.

30.06.2025க்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தின் பிரதியோடு எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை. இந்த விஷயம் உங்கள் ஆலைக்குள்ளேயே முடியக்கூடியது.

பதிலை மேலே உள்ள முகவரிக்குத் தமிழில் அனுப்புங்கள். ஆளை அனுப்புவதானால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள், அதற்கு முன் வீட்டில் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
த. யோகேஸ்வரி

இணைப்பு: கடைப் பற்றுச்சீட்டின் பிரதி, பக்கெற்றின் திகதி அச்சு, ஈரமான ஒட்டு மூலை, இரண்டு சட்டிகளிலும் காய்ச்சிய பால் ஆகியவற்றின் படங்கள்.