அட்வான்ஸ் பாக்கி 52,000 ரூபாயைத் திருப்பித் தரக் கேட்டு

அனுப்புநர்: கலா, முதல் மாடி வீட்டில் குடியிருந்தவர்
பெறுநர்: வீட்டு உரிமையாளர் அவர்கள்
நாள்: மே 12

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் முதல் மாடி வீட்டில் நான்கு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தோம். ஒப்பந்தப்படி ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிட்டு, மார்ச் 31 அன்று காலி செய்து சாவியை உங்கள் கையில் கொடுத்தோம். அன்று வரைக்கும் வாடகையும் கரண்ட் பில்லும் கட்டியாகிவிட்டது. பாக்கி ஏதுமில்லை என்று நீங்களும் அன்றே சொன்னீர்கள்.

நாங்கள் கொடுத்த அட்வான்ஸ் 90,000 ரூபாய். ஏப்ரல் 20 அன்று என் கணக்கில் வந்தது 38,000 மட்டும். மீதியைக் கேட்டபோது பெயிண்டுக்கு 28,000, குழாய் வேலைக்கு 9,000, இதரச் செலவு 15,000 என்று போனில் சொன்னீர்கள். பில் எதுவும் இன்றுவரை வரவில்லை.

பெயிண்டை முதலில் சொல்கிறேன். நான்கு வருடம் ஆட்கள் புழங்கிய சுவர் மங்கத்தான் செய்யும். அது சேதம் அல்ல, இயல்பான தேய்மானம். குடியிருப்பவர் ஏற்படுத்திய சேதத்துக்கு மட்டுமே அட்வான்ஸில் பிடிக்கலாம் என்றுதான் நம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. காலி செய்யும்போது பெயிண்ட் செலவு எங்களுடையது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆணி அடித்த துளைகளைக்கூட அடைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். அடுத்து வருபவருக்காக வீட்டைப் புதிதாக்கும் செலவை முன்பு இருந்தவர் தலையில் கட்டுவது எந்த விதத்தில் சரி?

குளியலறைக் குழாய்க் கசிவு நாங்கள் குடிவந்த முதல் வாரத்திலேயே இருந்தது. அப்போதே போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஆள் அனுப்புகிறேன்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அந்த ஆள் வரவேயில்லை.

இதரச் செலவு என்றால் என்னவென்றே எனக்குப் புரியவில்லை. ஒரு மாத வாடகைக்குச் சமமான தொகை, அதற்கு ஒரு பெயர்கூட இல்லை!

ஆகவே, பிடித்த 52,000 ரூபாயை இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், முன்பு அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடக் கேட்டுக்கொள்கிறேன். எங்களால் உண்மையாகவே ஏதாவது உடைந்திருந்தால், எது, எங்கே என்று போட்டோவும் செலவுக்கான பில்லும் அனுப்புங்கள். அந்தத் தொகையை மட்டும் கழித்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாய்மொழிக் கணக்கை இனி ஏற்க மாட்டேன். பதிலை எழுத்தில் தாருங்கள்.

நான்கு வருடத்தில் ஒரு மாதமும் வாடகை தள்ளிப்போனதில்லை, நமக்குள் மனத்தாங்கலும் வந்ததில்லை. அதனால்தான் வக்கீலிடம் போகாமல் முதலில் நானே எழுதுகிறேன். கெடுவுக்குள் பணமோ பில்லோ வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, சட்டப்படி மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பேன்.

ஒப்பந்த நகல், அட்வான்ஸ் ரசீது, குடிவந்தபோதும் காலி செய்தபோதும் எடுத்த போட்டோக்கள், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். சாவி கொடுத்த அன்று நீங்களும் கூட நின்று எடுத்த வீடியோ என் போனில் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கலா
(பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன்)