தீயும் நாங்களும்: தரம் 3 மாணவர்களுக்கான பாடத்திட்டம்

பாடசாலை: திருகோணமலை, உப்புவெளிக் கரையோரத் தமிழ்ப் பாடசாலை
வகுப்பு: தரம் 3, மாணவர் 28
பாடம்: சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்
காலம்: ஜூன் மாதம், அடுத்தடுத்த இரண்டு நாட்கள், நாளுக்கு ஒரு மணித்தியாலம்
உடை: இரண்டாம் நாள் எல்லோரும் உடற்பயிற்சி உடையில் வர வேண்டும். சீருடையுடன் சிறுமிகளைத் தரையில் உருளச் சொல்லக்கூடாது.

ஜூன் மாதத்தைத் தெரிந்தே எடுத்திருக்கிறேன். கச்சான் காற்று உலர்ந்து வீசும் காலம் இது. கிடுகு வேலியில் விழும் ஒரு பொறி, பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தாவ அதிக நேரம் எடுக்காது. பிள்ளைகள் நாளாந்தம் பார்க்கும் விறகடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, நுளம்புச்சுருள், காஸ் சிலிண்டர், படகு எஞ்சினுக்கு வாங்கி வைத்த பெற்றோல் கலன் ஆகியவையே இப்பாடத்தின் பொருட்கள். மாடிக் கட்டடமும் மின்தூக்கியும் படமாக இருக்கும் பாடப் பிரதிகளை நான் பயன்படுத்தவில்லை.

பிள்ளை கற்க வேண்டியது

நெருப்பைக் கண்டால் விலகி வெளியேறுவது, பெரியவருக்குச் சொல்வது, திரும்பிப் போகாமல் இருப்பது. அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு நெருப்பை அணைக்கக் கற்பிக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றக் கற்ற பிள்ளை, வடை பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினாலும் அதையே செய்யும். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்டால் நெருப்பு பொங்கிச் சிதறும்.

இன்னொரு கவனம். எங்கள் வகுப்பில் பலருடைய வீடுகளில் போர்க்காலத்தில் வீடு எரிந்த கதை இருக்கிறது. பிள்ளை தானாகச் சொன்னால் பொறுமையாகக் கேட்க வேண்டும். "உங்கள் வீட்டில் எரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்கக்கூடாது. எரியும் வீடுகளின் ஒளிப்படங்களும் வேண்டாம். பயந்த பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். நாங்கள் மாற்ற வேண்டிய பழக்கமே அதுதான்.

முதல் நாள்

தொடக்கம் (10 நிமிடம்). மேசையில் பன்னிரண்டு பொருட்களை வைக்க வேண்டும்: நெருப்புப்பெட்டி, லைட்டர், மெழுகுதிரி, வெற்று மண்ணெண்ணெய்ப் போத்தல், நுளம்புச்சுருள், சீனவெடிப் பெட்டியின் வெற்று உறை, பந்து, கரண்டி, பென்சில், பொம்மை, வாழைப்பழம், செருப்பு. தரையில் சோக்கட்டியால் இரண்டு வட்டங்கள். ஒன்று "எடுக்கலாம்", மற்றது "தொடாதே, சொல்". பிள்ளைகள் பொருளைத் தொடாமல், உரிய வட்டத்துக்குள் ஓடி நிற்க வேண்டும். நுளம்புச்சுருளிலும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் மண்ணெண்ணெயிலும் வகுப்பு இரண்டாகப் பிரியும். அங்கே நிறுத்திப் பேசலாம். மண்ணெண்ணெய் தீப்பற்றும், குடித்தால் நஞ்சும்கூட.

நெருப்பு முக்கோணம் (10 நிமிடம்). மூன்று பிள்ளைகள் கைகோத்து நிற்பார்கள். ஒருவர் சூடு, ஒருவர் விறகு, ஒருவர் காற்று. மூவரும் கை பிடித்திருக்கும்வரை வகுப்பு "எரிகிறது" என்று கைதட்டும். ஆசிரியர் ஒருவரை விலக்கியதும் மற்ற இருவரும் உட்கார்ந்துவிட வேண்டும். "மண் போட்டால் யார் போவார்? அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்துவிட்டால் யார் போவார்?" என்று கேட்டு மாற்றி மாற்றி விளையாடலாம். ஒட்சிசன் என்ற சொல் இப்போது தேவையில்லை, காற்று போதும்.

செய்துகாட்டல் (25 நிமிடம்). இதை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். பாடத்துக்கு முதல்நாள் ஒருமுறை தனியாகச் செய்து பார்க்க வேண்டும்.

மணல் பரப்பிய தகரத் தட்டு, அருகில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். மேசையிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளிச் சோக்கட்டிக் கோடு. பிள்ளைகள் அதற்கு அப்பால் உட்கார வேண்டும். காற்று வரும் பக்கத்து யன்னல்களைச் சாத்த வேண்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். செய்துகாட்டல் முடியும்வரை நெருப்புப்பெட்டி ஆசிரியரின் கையிலோ பையிலோ இருக்கும், மேசையில் இராது.

முதலில் ஒரே அளவான இரண்டு மெழுகுதிரிகளைக் கொளுத்தி, ஒன்றைச் சிறிய ஜாம் போத்தலாலும் மற்றதைப் பெரிய ஊறுகாய்ப் போத்தலாலும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். எது முதலில் அணையும் என்று பிள்ளைகள் முன்னரே கை உயர்த்திச் சொல்லட்டும். சிறிய போத்தலில் முதலில் அணையும். "உள்ளே புதுக் காற்று போக வழியில்லை" என்று பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்ததுதான் இப்பாடத்தின் உயிர். ஒரு குட்டை மெழுகுதிரியும் ஒரு நெட்டை மெழுகுதிரியும் அருகருகே. இரண்டையும் ஒரே உயரமான போத்தலால் மூடினால், நெட்டையே முதலில் அணையும். பெரும்பாலான பிள்ளைகள் குட்டை என்றுதான் சொல்லியிருப்பார்கள். சூடான கெட்ட காற்று மேலே எழுந்து போத்தலின் கூரையில் தங்குகிறது. கீழே இன்னும் நல்ல காற்று இருக்கிறது. பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட வேண்டும். "அறையில் புகை வந்தால் நீங்கள் நெட்டை மெழுகுதிரியாக இருப்பீர்களா, குட்டை மெழுகுதிரியாகவா?" இந்தக் கேள்விக்கு வகுப்பு முழுவதும் தானாகத் தரையில் குனியும். தவழச் சொல்லிக் கட்டளையிடுவதைவிட இதுவே மனத்தில் தங்கும்.

முடிவில் (15 நிமிடம்) ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டின் வாசல்களை வரைய வேண்டும். முன்வாசல், குசினி வாசல், யன்னல். நெருப்பு குசினியில் என்றால் எந்த வழி, முன்னறையில் என்றால் எந்த வழி என்று இரண்டு நிறத்தில் அம்புக்குறி. ஒரே வாசல் உள்ள வீடு என்றால் ஆசிரியர் குறித்துவைத்து, பெற்றோருடன் தனியாகப் பேச வேண்டும்.

இரண்டாம் நாள்

புகைக்கடியில் (15 நிமிடம்). இரண்டு பெரிய பிள்ளைகள் ஒரு சாம்பல் நிறப் படுக்கை விரிப்பை இடுப்பளவில் பிடித்து அசைப்பார்கள். அதுவே புகை. மற்றவர்கள் பாய் விரித்த தரையில் கையும் முழங்காலும் ஊன்றி, சுவரை ஒட்டியபடி வாசலுக்குத் தவழ வேண்டும். விரிப்பில் தலை முட்டினால் மீண்டும் தொடக்கத்திலிருந்து. வழியில் ஒரு மூடிய கதவு: புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆசிரியர் "சூடு" என்றால் வேறு வழி. "குளிர்ச்சி" என்றால் மெதுவாகத் திறக்கலாம்.

நில், படு, உருள் (15 நிமிடம்). சட்டையில் நெருப்புப் பிடித்தால் ஓடினால் காற்றுப் பட்டு அதிகம் எரியும். நின்று, தரையில் படுத்து, இரு கைகளாலும் முகத்தை மூடி, அணையும்வரை உருள வேண்டும். சிவப்புத் துணித்துண்டுகளைச் சட்டையில் லேசாக ஒட்டிவிட்டால், உருளும்போது அவை உதிர்வது பிள்ளைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி.

இந்த விளையாட்டு பிடித்துப்போனால் பிள்ளைகள் எதற்கும் உருளத் தொடங்குவார்கள். அதனால் உடனே அடுத்த விளையாட்டு. ஆசிரியர் நிலைமையைச் சொல்வார்; பிள்ளைகள் உடலால் பதில் சொல்வார்கள்.

"சட்டையில் நெருப்பு!" உருள வேண்டும்.
"அறையில் புகை!" தவழ வேண்டும்.
"தம்பி லைட்டரை எடுத்துவிட்டான்!" பறிக்கப் போகாமல் பெரியவரிடம் ஓடிச் சொல்ல வேண்டும்.
"காஸ் மணக்கிறது!" சுவிட்சைத் தொடாமல் வெளியேற வேண்டும்.
"பொம்மை உள்ளே இருக்கிறது!" நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

கடைசிக் கட்டளையை நடுவில் பலமுறை சொல்ல வேண்டும். பொம்மைக்குப் பதில் புத்தகப் பை, நாய்க்குட்டி, புதுச் செருப்பு என்று மாற்றலாம். நாய்க்குட்டி என்றதும் சிலர் திரும்ப ஓடுவார்கள். ஏசவேண்டாம். "நாய்க்குட்டி உள்ளே இருக்கிறது என்று தீயணைப்பு மாமாவிடம் சொல். போவது அவர் வேலை" என்று சொல்லி மீண்டும் விளையாட வேண்டும்.

நடிப்பு (15 நிமிடம்). முதல் காட்சியில் ஒரு மாணவர் தொலைபேசியில் பேசுவார், மற்றவர் 110இல் பதிலளிப்பவர்.

"தீயணைப்புப் பிரிவா? எங்கள் வீட்டுக் குசினியில் நெருப்பு."
"எந்த இடம் மகன்?"
"உப்புவெளி. கடற்கரை வீதி, பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு."
"உள்ளே யாராவது இருக்கிறார்களா?"
"அம்மம்மா வெளியே வந்துவிட்டார். யாரும் இல்லை."
"நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?"
"வீதியில், பக்கத்து வீட்டு மாமாவுடன்."
"அங்கேயே நில்லுங்கள். நான் சொல்லும்வரை தொலைபேசியை வைக்கவேண்டாம்."

அழைப்பது வீட்டுக்கு வெளியே வந்த பிறகுதான். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கு அருகிலுள்ள அடையாளத்தைச் சொல்லிப் பழக வேண்டும். 119 பொலிஸ், 1990 சுவசரிய அம்புலன்ஸ் என்பவையும் கரும்பலகையில் இருக்கும். மறுமுனையில் சிங்களத்தில் பேசினால் பிள்ளை திகைத்து நிற்கக்கூடாது. "வீடு எரிகிறது" என்ற ஒரு வசனத்தை இரண்டாம் மொழி ஆசிரியையிடம் கேட்டுச் சொல்லிப் பழக்கலாம்.

இரண்டாம் காட்சி: ஆசிரியர் ஒருவர் தீயணைப்பு வீரராகத் தலைக்கவசமும் முகமூடியும் அணிந்து, மூச்சு இரைக்கும் சத்தத்துடன் வருவார். முகமூடியைப் போடுவதையும் கழற்றுவதையும் பிள்ளைகள் முன்னால் செய்துகாட்ட வேண்டும். பிறகு அவர்கள் "நான் இங்கே இருக்கிறேன்!" என்று கத்திக் கை அசைப்பார்கள்.

தீக்காயம் பற்றிச் சுருக்கமாக: 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீர். பற்பசை, மை, தேங்காய் எண்ணெய் எதுவும் பூசக்கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது.

வெளியேறும் ஒத்திகை (15 நிமிடம்). இங்கே எங்கள் பாடசாலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வளர்ந்த இந்தக் கரையோரத்தில் சுனாமி ஒத்திகை பிள்ளைகளுக்குப் பழகியது. மணி கேட்டால் கடலை விட்டு ஊரின் உட்பக்கம் ஓடுவார்கள். தீக்கு அது பொருந்தாது. பாடசாலைக்குள்ளேயே கூடி எண்ணப்பட வேண்டும். அதனால் தீக்கு மணி இல்லை, விட்டுவிட்டு ஊதும் விசில். மின்சாரம் இல்லாத நேரத்திலும் அது ஒலிக்கும். காது குறைவாகக் கேட்கும் மாணவிக்கு அருகில் அமர்பவர் தோளைத் தட்டிச் சிவப்பு அட்டையைக் காட்டுவார்.

கூடுமிடம் கட்டடத்துக்கு மேற்கே உள்ள வேப்பமரத்தடி. கச்சான் மேற்கிலிருந்து வீசுவதால் புகை கடல் பக்கம் போகும். வாடைக்காற்றுக் காலத்தில் புகை அந்த மரத்தை நோக்கி வரலாம்; அப்போது வடக்கு வாயிலில் கூட வேண்டும். பைகளை எடுக்கவேண்டாம், செருப்புத் தேடவேண்டாம். ஆசிரியர் வரவுப் பதிவேட்டுடன் கடைசியாக வெளியேறிக் கதவைச் சாத்துவார். மரத்தடியில் ஒவ்வொருவர் பெயரும் கூப்பிடப்படும்.

கணிப்பீடு

எழுத்துப் பரீட்சை இல்லை. இரண்டு கிழமை கழித்து, முன்னறிவிப்பின்றி விசில் ஊதப்படும். யார் பையை எடுத்தார், யார் மேசைக்கடியில் புகுந்தார், யார் திரும்பி ஓடினார் என்று பார்த்து, அந்தப் பிள்ளைகளுடன் மட்டும் அந்தப் பகுதியை மீண்டும் விளையாட வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே,
உங்கள் பிள்ளை இன்று வீட்டின் வாசல்களை வரைந்து கொண்டுவருகிறார். இன்று இரவு அவருடன் சேர்ந்து இரு வழிகளாலும் ஒருமுறை வெளியே நடந்து பாருங்கள். பூட்டிய கதவின் திறப்பு இரவில் எங்கே இருக்கும் என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வெளியே கூடுவதற்கு ஓர் இடத்தைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். நெருப்புப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குடிக்கும் போத்தல்களில் மண்ணெண்ணெய் ஊற்றவேண்டாம். நுளம்புச்சுருளைத் தகரத் தட்டில் வைத்து, நுளம்பு வலையிலிருந்தும் படுக்கையிலிருந்தும் தள்ளி வையுங்கள். பிள்ளை நெருப்புப் பற்றி ஏதாவது வந்து சொன்னால், அவரே பற்றவைத்திருந்தாலும், முதலில் அடிக்கவேண்டாம். அடிக்குப் பயந்து ஒளியும் பிள்ளையைப் புகைக்குள் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். வரைபடத்தில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்கு முன் திருப்பி அனுப்புங்கள்.
வகுப்பாசிரியை, தரம் 3