வாஷி குடோன் கொள்முதல் பொறுப்புக்கு விண்ணப்பம்

மாட்டுங்கா, மும்பை
11-9-2025

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

பொருள்: வாஷி குடோனில் கொள்முதல் பொறுப்பாளராக மாற்றம் கோருதல்.

வணக்கம். தினமும் காலை ஏழு மணிக்குக் கடை திறக்கும்போது நேரில் பார்க்கிற தங்களுக்கு உறையிலிட்டுக் கடிதம் தருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. இந்த இடத்தை மூன்று பேர் கேட்டிருப்பதால், ஆளுக்கொரு விதமாக வாயால் சொல்லாமல் எல்லோரும் எழுதித் தர வேண்டும் என்று சின்ன முதலாளி சொன்னார். அதன்படியே எழுதுகிறேன்.

2013-இல் கல்லாவுக்கு அடுத்த மேசையில் பில் போட அமர்ந்தது முதல் என்னைத் தாங்கள் அறிவீர்கள் என்பதால், என் நேர்மையைப் பற்றியோ வருகையைப் பற்றியோ இங்கே எழுதப் போவதில்லை. தங்கள் கண்ணில் படாமல் நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தாண்டிப் போக மனம் இடம் தரவில்லை. 2023 ஆடி மாதம், வாஷியில் ஆள் இல்லாத நாளில் என்னை அனுப்பினீர்கள். 60 மூட்டை உளுந்தை மேல் அடுக்கில் மட்டும் குத்தூசி போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன். அடி அடுக்கில் 18 மூட்டை ஈரம் பட்டிருந்தது. வண்டு விழுவதற்குள் விலையைக் குறைத்துத் தள்ளினோம். மழையின் மீதும் லாரிக்காரர் மீதும் அன்று பழி போட்டேன். உண்மையில் தவறு என்னுடையது.

அதன் பிறகு, வியாழக்கிழமை எனக்குக் கிடைக்கும் அரை நாள் விடுப்பில் பெரும்பாலும் வாஷி தானிய மார்க்கெட்டுக்குப் போய்வருகிறேன். தாராவியிலிருந்து சயான் வந்து, குர்லாவில் ஹார்பர் ரயில் மாறி, சான்பாடாவில் இறங்குவது பழகிவிட்டது. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் பெரியவர், தாம் மூட்டை பார்க்கும்போது என்னையும் அருகில் நிறுத்திக்கொள்வார். பர்மா உளுந்தில் எஃப்.ஏ.க்யூ., எஸ்.க்யூ. ஆகிய இரண்டு தரங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லக் கற்றது அவரிடம்தான். சந்தேகமான சரக்கில் ஒரு டம்ளர் எடுத்து வந்து, வீட்டில் ஊறவைத்து அரைத்து, எவ்வளவு மாவு கண்டது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பார்வைக்குப் பளபளப்பாக இருந்த இரண்டு சரக்குகள் அரைத்தபோது பொங்கவே இல்லை. நம்மிடம் வாங்குபவர்களில் பாதிப்பேர் இட்லிக் கடைக்காரர்கள். அவர்களுக்கு இதுதான் கணக்கு. என் மனைவிக்கு மட்டும் இந்த ஆராய்ச்சியில் பெரிய மகிழ்ச்சி இல்லை.

காகித வேலையில் எனக்குத் தயக்கம் கிடையாது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புப் பொட்டலங்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது, பெரிய மூட்டைக்கும் சிறு பொட்டலத்துக்கும் தனித்தனியாகப் பில் பிரித்தது தங்களுக்கு நினைவிருக்கும். மாத்தாடித் தொழிலாளர்களின் கூலியையும் லெவியையும் கையில் கொடுக்காமல் வாரியத்தில் கட்டும் கணக்கை இரண்டு ஆண்டுகளாக நானே எழுதுகிறேன். மராத்தி பேச வரும். எடைச் சீட்டைப் படிக்கவும் வரும். கடிதம் எழுதும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

பெரியவர் தீபாவளி முடிந்து ஊருக்குப் போய்விடுவதாகச் சொல்கிறார். அவர் இருக்கும்போதே, புரட்டாசியிலேயே என்னை அங்கே அனுப்பினால், யாரிடம் கடனுக்கு வாங்கலாம், யாரிடம் கூடாது என்பதை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்வேன். அது எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. இங்கே என் மேசைக்கு, பொட்டலப் பிரிவில் இருக்கும் தம்பி பொருத்தமாக இருப்பான். மாதக் கடைசிக் கணக்கை இரண்டு முறை அவனைக் கொண்டே போடவைத்துப் பார்த்துவிட்டேன். சம்பளத்தை முதல் ஆறு மாதம் இப்போது உள்ளபடியே வைத்து, ரயில் பாஸ் மட்டும் தந்தால் போதும். அந்த ஆறு மாதம் கழிந்து என் வேலையைப் பார்த்தபின் தாங்களே முடிவு செய்யலாம்.

அந்த மூவரில் ஒருவர் எனக்கு முன்பே கடையில் சேர்ந்தவர். அவருக்கே இந்த இடம் என்று தங்களுக்குத் தோன்றினால் எனக்கு வருத்தம் இருக்கும், மனக்கசப்பு இருக்காது. அந்த உளுந்து நோட்டை அன்றே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். வரும் திங்கட்கிழமை மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் அழைத்தால், நோட்டுடன் வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முருகேசன்
பில் பிரிவு