ஏழேகால் மணி வோல்டேஜ்

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பம்ப் மோட்டரின் ஸ்டார்ட்டர் மறுபடியும் எரிந்தது. போன வருஷமும் இதே மாதம்தான். அதற்கு முந்தின வருஷம் ஜூலைக் கடைசி. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருக்கிற நேரம் பார்த்து, தண்ணீர் தப்பினால் கிழங்கு சிறுத்துப்போகிற நேரம் பார்த்து, பம்ப் அறையிலிருந்து அந்த வார்னிஷ் கருகின நாற்றம் வரும்.

அப்பா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வாசலில் உட்கார்ந்தார். அம்மா கேட்கவும் இல்லை. காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். வெலிமடையில் அடகுக் கடைக்காரருக்கு அந்தத் தோடு அடையாளம் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டவுனிலிருந்து கரண்ட் வேலை பார்க்கிற பாஸ் வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"226. கரண்ட் நல்லா இருக்கு அண்ணே. இது டூப்ளிகேட் காயில், அதான் நிக்க மாட்டேங்குது."

"போன வருஷம் பல்லி விழுந்திருச்சின்னு சொன்னீங்க."

"அதுவும் நடக்கும். ஈரம் பட்டாலும் எரியும். நீங்க பாத்துப் பாவிக்கணும்."

புதுக் காயிலை மாட்டி, பச்சைப் பொத்தானை அமுக்கினார். டக்கென்று ஒரே அடி. மோட்டர் சுற்றியது. காசை வாங்கிக்கொண்டு த்ரீவீலரில் ஏறிப் போய்விட்டார். பாத்துப் பாவிக்கணும் என்ற சொல் அப்பாவோடு தங்கிவிட்டது. ஒரு சாமானைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் என்று அவரை யாரும் சொன்னது கிடையாது. மண்வெட்டியைக் கூடக் கழுவித் துடைத்துத்தான் மூலையில் சாத்துவார். சின்னம்மா வந்து கண்ணூறு என்று சொல்லி, பம்ப் அறை நிலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டுப் போனாள்.

மகள் சுபா பண்டாரவளையில் உயர்தரம் படிக்கிறாள், தொழில்நுட்பப் பிரிவு. விடுமுறைக்கு வந்திருந்தாள். செப்புக் கம்பிக்கு விலை வரும் என்று அப்பா பழைய காயில்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அதைக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி, உள்ளிருந்து வெளியே வரைக்கும் சீராகக் கருகியிருந்தன. ஓர் ஓரத்தில் ஈரம் பட்டு ஷார்ட் ஆன தடம் எதிலும் இல்லை. ஒவ்வொன்றின் மேலும் 240V 50Hz என்று அச்சடித்திருந்தது. கழற்றிப் போட்ட கான்டாக்ட்டர் முனைகள் பொரிந்து பள்ளம் பள்ளமாக இருந்தன.

"அப்பா, மோட்டர் எப்பவாவது எரிஞ்சிருக்கா?"

"இல்ல. மோட்டருக்கு ஒண்ணும் ஆகல. ஸ்டார்ட்டர் மட்டுந்தான்."

"ஓவர்லோட் விழுந்திருக்கா? அந்தச் செவப்புப் பொத்தான் தானா வெளிய வந்து நின்னிருக்கா?"

"ஒருநாளும் இல்ல."

அதுதான் அவளுக்கு இடித்தது. ஓவர்லோட் ரிலே மோட்டருக்குப் போகிற கரண்டைத்தான் பார்க்கும். காயிலுக்குள் என்ன ஓடுகிறது என்று அது பார்ப்பதே இல்லை. எரிவது காவல் இல்லாத அந்த ஒன்றுதான்.

"எத்தன மணிக்கு எரியும்?"

அப்பா யோசிக்கவே இல்லை. "அந்தியிலதான். நம்ம முறை ஆறரைக்குத்தானே."

பாஸ் வருவது காலையில்.

தெரிந்த சேதிதான் இரண்டும். சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சுபா அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ப் பள்ளிக்கூடத்து சாரிடம் மல்டிமீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். வீட்டு பிளக்கில் அரை மணிக்கொரு தடவை வைத்துப் பார்த்து, கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினாள். பின்னேரம் நாலு மணிக்கு 224. ஆறு மணிக்கு 209. ஆறே முக்காலுக்கு 193. ஏழேகாலுக்கு 184. இரவு பத்தரை தாண்டித்தான் 214க்கு ஏறியது. விடிகாலை மூன்று மணிக்கு எழும்பிப் பார்த்தபோது 231.

இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். நூற்றுக்கு 6 கூடலாம், 6 குறையலாம். அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. எண்களைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தாள். ட்ரான்ஸ்ஃபோமர் கீழே சந்தியில். அங்கிருந்து ஒல்லிக் கம்பி மலையைச் சுற்றி ஏறி, வீடு வீடாகப் பிரிந்து கடைசியில் இவர்கள் வீட்டுக்கு வருகிறது. அந்தியானால் எல்லா வீட்டிலும் லைட், டிவி, ரைஸ் குக்கர், கேத்தல். அதோடு பம்ப்.

ஏன் கோடையில் மட்டும் என்பதற்கு விடை அவள் பிறந்ததிலிருந்து கண்ணெதிரே இருந்தது. வெலிமடைப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் மழை இல்லை, காற்றுத்தான். பகலில் ஸ்பிரிங்ளரைப் போட்டால் பாதித் தண்ணீர் பக்கத்துக்காரன் பாத்திக்குப் போய்விடும். காற்று அடங்குவது அந்தியில். ஓடையை மறித்த குட்டையும் பகல் முழுக்க ஊறினால்தான் அந்திக்கு பம்ப் இறக்குகிற அளவுக்கு நிறையும். ஆகவே சரிவு முழுக்க ஒரே நேரத்தில் மோட்டர் போடுகிறது. மழை மாதங்களில் யாருக்கும் மோட்டரே தேவையில்லை.

அடுத்த நாள் அந்தியில் பம்ப் அறைக்குப் போனாள். அப்பா டோர்ச்சைப் பிடித்தார். ரப்பர் செருப்போடு மரப் பலகையில் நின்று, ஸ்டார்ட்டருக்கு வருகிற இரண்டு முனையிலும் மீட்டரின் ஊசிகளை வைத்தாள்.

"இப்ப அமுக்குங்கப்பா."

அமுக்கினார். டக் இல்லை. டரர்ரென்று இரும்பு நடுங்குகிற சத்தம். பெட்டிக்குள் நீலப் பொறி. மோட்டர் முனகியது, சுற்றவில்லை. மீட்டரில் 180 இருந்தது சரிந்து 140க்குப் போய், 170க்கு ஏறி, மறுபடி சரிந்தது.

"விடுங்க! விடுங்கப்பா!"

அவர் கை பழக்கத்தில் பொத்தானை இன்னும் இறுக்கித்தான் அமுக்கியது. அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

இருட்டில் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அப்பா கேட்டார். "இப்பிடித்தான் சத்தம் போடும். கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு இருந்தா ஓடிரும். அப்ப நான்தான் எரிச்சேனா?"

"அப்பா இறுக்கிப் பிடிக்காட்டியும் எரியும். கொஞ்சம் பிந்தி எரியும், அவ்வளவுதான்."

காயிலைக் கழற்றி டோர்ச் வெளிச்சத்தில் காட்டினாள். கரண்ட் வந்ததும் காயில் காந்தமாகி மேல் இரும்பைக் கீழே இழுத்து ஒட்டவைக்க வேண்டும். ஒட்டிவிட்டால் காயிலுக்குக் கொஞ்சக் கரண்டே போதும். ஒட்டாமல் இடைவெளி இருக்கிற வரைக்கும் பல மடங்கு கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். "பாதி சாத்தின கதவைத் தோளால முட்டிக்கிட்டே நிக்கிற ஆள் மாதிரி. கதவு சாத்திட்டா அவன் சாய்ஞ்சு நிக்கலாம். சாத்தாட்டி முட்டி முட்டிக் களைச்சே விழுந்துருவான்."

240 வோல்ட் காயில் நூற்றுக்கு 85 வரை, அதாவது 204 வரை ஒழுங்காக இழுக்கும் என்றுதான் செய்கிறார்கள். இங்கே 180. அது எப்படியோ இழுத்து ஒட்டினாலும், மோட்டர் எழும்புகிற அந்த நொடியில் ஓடுகிற கரண்டைப் போல நாலைந்து மடங்கு கேட்கிறது. வோல்டேஜ் 140க்கு விழுகிறது. இரும்பு விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்த நடுக்கம்தான் டரர்ர். முனைகள் பொரிந்ததும் அதனால்தான். மோட்டருக்கும் பலம் இல்லை. வோல்டேஜ் பாதியானால் அதன் இழுவை கால்வாசியாகிவிடும்.

"அப்ப காயில் டூப்ளிகேட் இல்லையா?"

"நல்ல காயில்தான். கரண்டுதான் இல்ல."

விடிகாலை மூன்று மணிக்கு அப்பாவே அவளை எழுப்பினார். குளிர் எலும்பைக் கடித்தது. பொத்தானை அமுக்கினார். டக். ஒரே அடி. குழாய் உதறி நிமிர்ந்தது, தண்ணீர் ஏறியது. அதே ஸ்டார்ட்டர், அதே காயில். அப்பா வரப்பில் நடந்து போய் ஸ்பிரிங்ளர் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து, "பாஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். குரலில் பழைய நிமிர்வு இருந்தது.

சுபா அத்தோடு விடவில்லை. தங்கள் வீட்டை மட்டும் மூன்று மணிக்கு மாற்றிக்கொண்டால் மேலே பண்டா மாமா வீட்டு ஸ்டார்ட்டர் எரியும், கீழே முனியாண்டி மாமா வீட்டில் ஃப்ரிட்ஜ் போகும். மின்சாரக் கந்தோருக்குக் கடிதம் எழுதி, ஒரு வாரத்து எண்களைத் தேதியும் நேரமும் போட்டுப் பின்னால் இணைத்தாள். பண்டா மாமாவின் மகன் அதைச் சிங்களத்தில் எழுதினான். சரிவிலிருந்த எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கினார்கள்.

வந்தவர் பதினொரு மணிக்கு வந்தார். 224 என்று எழுதிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"சேர், ஏழு மணிக்கு வாங்க" என்றாள் சுபா.

"எங்க வேலை நேரம் அது இல்ல."

"எங்க கரண்ட் போற நேரம் அதுதான் சேர்."

கொப்பியை நீட்டினாள். மனுஷன் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நல்ல ஆள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்து ஏழு மணிக்கு முன்பே ஜீப் வந்தது. அவர் மீட்டரில் 182 காட்டியது. பிறகு கீழே போய் ட்ரான்ஸ்ஃபோமரில் மூன்று கம்பிக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தார். ஒரு ஃபேஸில் மற்ற இரண்டையும் விட மிக அதிகமாக ஓடிக்கொண்டிருந்தது. மலை ஏறுகிற கிளைக் கம்பி முழுக்க அந்த ஒரே ஃபேஸ். கொஞ்ச வீடுகளை மற்ற ஃபேஸுக்கு மாற்றுவதாகவும், கம்பியைத் தடிப்பாக்க எஸ்டிமேட் போடுவதாகவும் சொன்னார். முதலாவது நடக்க நாளாகாது, இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டும் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

ஸ்டார்ட்டரோடு ஒரு வோல்டேஜ் ப்ரொடெக்டரும் பூட்டச் சொன்னாள் சுபா. 200க்குக் கீழே போனால் அது காயிலுக்குக் கரண்டை விடாது. வோல்டேஜ் ஏறினாலும் சில நிமிஷம் பொறுத்துத்தான் விடும். பாஸே கொண்டு வந்து பூட்டினார். இந்தத் தடவை அந்தியில் வந்தார், அப்பா அப்படித்தான் வரச் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை குட்டைக்கரையில் எல்லாரும் கூடினார்கள். இரவில் ஊறுகிற தண்ணீரை மூன்று மணியிலிருந்து இறைப்பது, அந்தியில் ஒரே நேரத்தில் இரண்டு மோட்டருக்கு மேல் போடாதது என்று முடிவாயிற்று. முனியாண்டி மாமாவுக்கு மட்டும் சம்மதமில்லை.

"மூணு மணிக்கு எனக்கு எழும்ப ஏலாது. மூட்டு வலி."

"நீங்க ஆறரைக்கே போடுங்க மாமா. எங்க முறைய எடுத்துக்கங்க" என்றார் அப்பா. "நான் ரெண்டு மணிக்கே எழும்புற ஆள்தானே."

"இன்னொரு மோட்டர் யாரு போடுறது?"

பண்டா மாமா கை தூக்கினார். சுபா கொப்பியில் முறைகளை எழுதத் தொடங்கினாள்.