பொருள்: ஊர் மாற்றம் – உறுப்பினர் எண் 2216, ஆண்டு உறுப்பினர் பதிவை ரத்து செய்து மீதித் தொகை கோருதல்

அனுப்புநர்:
ம. கயல்விழி,
வடவள்ளி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நீச்சல், உடற்பயிற்சி கிளப்,
அண்ணா நகர், சென்னை.

நாள்: 1 செப்டம்பர் 2025

ஐயா,

வணக்கம். பணியிட மாறுதலால் ஆகஸ்ட் 28 முதல் கோயம்புத்தூரில் குடியிருக்கிறேன். என் ஆண்டு உறுப்பினர் காலம் 1 ஏப்ரல் 2025 முதல் 31 மார்ச் 2026 வரை. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கம் உள்ள 11ஆம் விதிப்படி 30 நாள் முன்னறிவிப்பாக இக்கடிதத்தை ஏற்று, செப்டம்பர் 30-உடன் என் பதிவை ரத்து செய்யுங்கள். விரைவு அஞ்சலில் அனுப்பும் இதே கடிதத்தை இன்றே கிளப்பின் மின்னஞ்சலுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஆகவே 30 நாளை இன்றிலிருந்தே கணக்கிட வேண்டும்.

ஆண்டுக் கட்டணம் ரூ.24,000; அதற்கு 18% ஜிஎஸ்டி ரூ.4,320. மாதத்துக்கு ரூ.2,000 வீதம், அக்டோபர் முதல் மார்ச் வரை பயன்படுத்தாத 6 மாதத்துக்கு ரூ.12,000, அதற்கான ஜிஎஸ்டி ரூ.2,160. லாக்கர் முன்பணம் ரூ.2,000 தனி. ஆக எனக்கு வர வேண்டியது ரூ.16,160. சேர்க்கைக் கட்டணம் ரூ.5,000-ஐ நான் கேட்கவில்லை.

வரியைத் திருப்பித் தர முடியாது என்று கணக்குப் பிரிவில் சொல்லக்கூடும். ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி வரவுக் குறிப்பு போட்டால், அந்த வரியை கிளப் தன் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். இந்த நிதியாண்டு ரசீதுக்கு அதற்கான கெடு 30 நவம்பர் 2026 அல்லது கிளப் ஆண்டு ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரை இருக்கிறது. வரவுக் குறிப்பின் நகலை எனக்கும் அனுப்புங்கள்.

கழிந்த 6 மாதத்துக்கு மாதாந்தர உறுப்பினர் கட்டணமான ரூ.3,000 வீதம் பிடித்துக்கொண்டு மீதி ரூ.6,000 மட்டும் தருவது சரியாகாது. அப்படிக் கழிக்கலாம் என்று படிவத்தில் எங்கும் இல்லை. ரசீதின் அடியில் ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்ற முத்திரை இருப்பது உண்மைதான். ஆனால் 50 கி.மீ.க்கு அப்பால் குடிபெயர்ந்தால் மீதி மாதங்களுக்குத் தொகை உண்டு என்று 11ஆம் விதியே சொல்கிறது. பணம் கட்டிய பிறகு குத்திய முத்திரை, இருவரும் கையொப்பமிட்ட விதியை மாற்றாது. பதிவை நிறுத்தி வைப்பதோ வேறொருவர் பெயருக்கு மாற்றுவதோ எனக்கு உதவாது, வேண்டாம்.

லாக்கர் 38-இன் இரண்டு சாவிகளையும் அடையாள அட்டையையும் ஆகஸ்ட் 27 மாலை வரவேற்பு மேசையில் ஒப்படைத்து, கையொப்பமிட்ட சீட்டு வாங்கியிருக்கிறேன். ஏப்ரல் புதுப்பிப்புக்கான யுபிஐ தானியங்கி அனுமதியை என் பக்கம் நீக்கிவிட்டேன். உங்கள் பதிவிலும் நீக்குங்கள்.

தொகையை அக்டோபர் 15-க்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். ஏதேனும் பிடித்தம் செய்வதாக இருந்தால், எந்த விதியின்படி, எவ்வளவு என்று எழுத்தில் தெரிவியுங்கள். அந்தத் தேதிக்குள் இரண்டும் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
ம. கயல்விழி

இணைப்பு: கட்டண ரசீது, லாக்கர் முன்பண ரசீது, படிவத்தின் இருபக்க நகல், மாறுதல் ஆணை, கோவை வாடகை ஒப்பந்தம், சாவி ஒப்படைப்புச் சீட்டு, ரத்து செய்த காசோலை.