பர்கூர் மாந்தோப்பு சொட்டுநீர்ப் பணி: நிறைவு ஆய்வுக் கூட்டத்துக்கு அழைப்பு

திட்டத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் வணக்கம்.

பர்கூர் ஒன்றியத்தில் 62 விவசாயிகளின் 118 ஏக்கர் மாந்தோப்புக்குச் சொட்டுநீர் போட்டு முடித்தாயிற்று. கடைசித் தோப்பின் சோதனை ஓட்டமும் போன வாரம் ஆனது. 5 மாதத்தில் முடிப்பதாகச் சொல்லி 8 மாதம் எடுத்துக்கொண்டோம். செப்டம்பரில் மத்தூர் ஒன்றியத்தில் வேலை தொடங்குகிறது. அதற்கு முன் ஒருநாள் உட்கார்ந்து, எது சரியாக வந்தது, எது இழுத்தடித்தது, ஏன் என்று பேசி எழுதி வைத்துவிட வேண்டும்.

நாள்: ஜூலை 26, சனிக்கிழமை
நேரம்: காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை
இடம்: பர்கூரில் உள்ள நம் கிடங்கின் மேல்மாடிக் கூடம்

பெங்களூரா அறுவடை ஓய்ந்தபின் வரட்டும் என்றுதான் இந்த நாள். அளவெடுத்தவர்கள், வரைபடம் போட்டவர்கள், பிளம்பர்கள், பள்ளம் எடுத்த குழு, போர் மெக்கானிக், கிடங்குப் பொறுப்பாளர், கணக்கு எழுதியவர், விண்ணப்பம் பதிந்த அலுவலகத்தார், ஊருக்கொரு விவசாயக் குழுத் தலைவர் என எல்லோரும் வர வேண்டும். முதலில் 65 பேர் எழுதிக் கொடுத்தார்கள்; பாதியில் விலகிய 3 பேரையும் அழைத்திருக்கிறோம். அவர்கள் ஏன் விலகினார்கள் என்பதை நாமே ஊகிப்பதைவிட அவர்கள் வாயால் கேட்பது நல்லது.

காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் தண்ணீர்க் கணக்குக்கு. அதிகப் புகார் வந்த விஷயம் இதுதான். 30 அடிக்கு 30 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 48 மரம். மரத்துக்கு 8 லிட்டர் டிரிப்பர் 4 வைத்தால் ஏக்கருக்கு மணிக்கு 1,536 லிட்டர் வேண்டும். அளவெடுத்தது கார்த்திகையில். அப்போது 200 லிட்டர் டிரம் 4 நிமிடத்தில் நிரம்பிய போர், அதாவது மணிக்கு 3,000 லிட்டர் கொடுத்த போர், இரண்டு ஏக்கரை ஒரே நேரத்தில் ஓட்டும் என்று வரைபடம் போட்டோம். அதே டிரம் மே மாதம் நிரம்ப 6 நிமிடம் ஆனது. மணிக்கு 2,000 லிட்டர்தான். கடைக்கோடி மரங்களின் டிரிப்பர் சொட்டவே இல்லை. "ஃபில்டர் அடைப்பு" என்று நாம் இரண்டு வாரம் ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தோம். மத்தூரிலும் அளவெடுப்பு ஐப்பசி மழையில்தான் போய் மாட்டப்போகிறது. மழைக்கால அளவில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு வரைபடம் போடலாமா, அல்லது ஒவ்வொரு தோப்பையும் முதலிலேயே ஒரு ஏக்கர் பிரிவுகளாக வெட்டிக் கேட் வால்வு வைத்துவிடலாமா? வால்வு கூடினால் செலவு கூடும். கூடும் தொகையைக் கணக்காளர் கொண்டு வருவார்.

இரண்டாவது சுண்ணாம்பு. உப்புத் தண்ணீர் போர்களில் மூன்று மாதத்திலேயே டிரிப்பர் வாயில் வெள்ளை படிந்தது. இதற்கு ஸ்கிரீன் ஃபில்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கரைந்து வரும் சுண்ணாம்பை எந்த வலையும் பிடிக்காது. வெஞ்சுரி வழியாக ஆசிட் விட்டு, கடைசி டிரிப்பரில் பிஹெச் 4 வரும்வரை ஓட்டி, இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் எண்டு கேப்பைத் திறந்து கழுவிய தோப்புகளில் சரியானது. அந்த வேலையைச் செய்த பிளம்பர்கள் கூட்டத்தில் செய்து காட்டுவார்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. அதையும் காட்டச் சொல்லியிருக்கிறோம்.

அதன்பின் காகித வேலை. மூன்று மாதத் தாமதத்தில் பெரும்பகுதி இங்கேதான் போனது. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்க்கு 75 சதவீதம். அந்த வித்தியாசம் முழுக்கத் தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்றில் தொங்குகிறது. பட்டா இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருந்தவர்களும் கூட்டுப் பட்டாக்காரர்களும்தான் வரிசையில் தேங்கினார்கள். குழாய் வந்து இறங்கிய பிறகு சிட்டாவைக் கேட்டது நம் தவறு.

மதியத்துக்கு மேல் சின்ன விஷயங்கள். பாறை நிலத்தில் 2 அடிக்குப் பதில் 1 அடியில் மெயின் குழாய் புதைத்து, பிறகு டிராக்டர் கலப்பை கிழித்தது. உழவுக்கு வசதி என்று டிரிப்பரை அடிமரத்தோடு ஒட்டி வைத்தது. வளர்ந்த மாமரம் தண்ணீர் குடிக்கும் வேர் அங்கே இல்லை, ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பூவுக்கு முன் வாட விட வேண்டிய மார்கழியில் புதுக் குழாய் ஆசையில் சிலர் தினமும் தண்ணீர் விட்டுப் பூவுக்குப் பதில் துளிர் பார்த்தார்கள். இந்தக் கடைசி விஷயத்தை விவசாயிகளிடம் முன்னமே சொல்லாதது யார் வேலை என்று வாதிட வேண்டாம். அடுத்த முறை யார் சொல்வது என்று முடிவு செய்தால் போதும்.

வரும்போது அவரவர் களக் குறிப்பேட்டை எடுத்து வாருங்கள். "லேட்டானது" என்று சொல்லாமல் எந்த ஊர், எத்தனை நாள், எதற்காகக் காத்திருந்தோம் என்று ஒரு தாளில் எழுதி வந்தால் பேச்சு நீளாது. கழற்றிய டிரிப்பர், கிழிந்த லேட்டரல், அணில் கடித்த துண்டு கையில் இருந்தால் அதையும். உங்களிடம் மீந்த குழாய், வால்வு, இணைப்புகளை 24ஆம் தேதிக்குள் கிடங்கில் சேர்த்து ரசீது வாங்கிவிடுங்கள். கணக்கை முடிக்காமல் பாக்கிக் கூலிப் பட்டியல் போட முடியாது. கூட்டத்தில் பேசியதை வைத்து யார் கூலியிலும் பிடித்தம் வராது. இது எழுத்தில் தரும் உறுதி.

நன்றி சொல்வது பிற்பகல் 2.30க்கு. பொன்னாடையும் மேடைப் பேச்சும் வைக்கவில்லை. யார் எதைச் செய்தார் என்பதை அவர் முன்னால் படிப்போம். மே மாத வெயிலில் விடியற்காலை 4 மணிக்கே பள்ளம் எடுக்கத் தொடங்கிய பெண்கள் குழு, மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக இரவில் தோப்பில் படுத்திருந்து மோட்டார் ஓட்டிப் பார்த்த மெக்கானிக், கிடங்கில் ஒரு எண்டு கேப் கூடக் கணக்கு விடாத பொறுப்பாளர், தம் தோப்பை முதல் சோதனைக்குத் தந்து அதன் தொல்லையையும் தாங்கிய விவசாயி: இவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். விட்டுப்போனவர்கள் இருப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.

மதியச் சாப்பாடு இங்கேயே: ராகி களி, கீரைக் குழம்பு, சோறு, ரசம், மோர். களி ஆறினால் நன்றாயிராது, அதனால் சரியாக 1 மணிக்குப் பேச்சை நிறுத்திவிடுவோம். கிருஷ்ணகிரியிலிருந்து வருவோர் வாணியம்பாடி பஸ்ஸில் ஏறிப் பர்கூரில் இறங்கலாம். தினக்கூலியில் இருப்போருக்கு அன்றைய கூலியும் பஸ் கட்டணமும் உண்டு.

வருகிறீர்களா என்பதை 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாலைக்குள் கிடங்குப் பொறுப்பாளரிடமோ குழு வாட்ஸ்அப்பிலோ சொல்லுங்கள். வர முடியாதவர்கள் குறிப்புத் தாளை யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். அதைக் கூட்டத்தில் படிப்போம்.

இப்படிக்கு,
திட்ட ஒருங்கிணைப்பாளர்
பர்கூர்