மறுவீட்டுக்கு வந்த தேன்மொழிக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கும் எங்கள் மாப்பிள்ளைக்கும்,

வாருங்கள், வாருங்கள். நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களே, எங்களுக்கு அது போதும்.

ரங்கூனிலிருந்து மோல்மீன் வருவது நல்ல நாளிலேயே ஒரு பகலைத் தின்றுவிடும். இந்த ஆனி மழையில், வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதனை போடுகிற காலத்தில், காலையிலிருந்து அம்மா போனைக் கையை விட்டு வைக்கவில்லை. "தாத்தோன் தாண்டிட்டோம்ப்பா" என்று நீ சொன்ன பிறகுதான் அடுப்படிக்கே போனாள். பாலம் ஏறிவிட்டோம் என்று அடுத்த போன் வந்ததும் நான் வாசலில் நாற்காலியைப் போட்டுவிட்டேன். அந்தப் பாலம் திறந்த 2005-இல் உனக்கு ஆறு வயது. அதுவரை மொத்தமாவில் இறங்கிப் படகு ஏறித்தான் ஊருக்குள் வர முடியும். பாலத்தைக் காட்ட உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். "அந்தப் பக்கம் என்னப்பா இருக்கு?" என்று கேட்டாய். "ரங்கூன் போற ரோடு" என்றேன். அந்த ரோட்டில்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் உன்னை அனுப்பி வைத்தோம்.

மூன்றாம் நாளே நடக்க வேண்டிய மறுவீடு இது. மழை, வழி, மாப்பிள்ளையின் வேலை என்று தள்ளித் தள்ளி இருபத்து மூன்றாம் நாள் ஆகிவிட்டது. ஒற்றைப்படை நாள்தானே, பரவாயில்லை என்று அம்மா தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

இலையில் உட்காருவதற்கு முன்னால் உங்கள் இருவரிடமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேரில் பேசினால் குரல் கட்டிக்கொள்ளும் என்பதால் எழுதி வைத்து வாசிக்கிறேன்.

வாசலில் உங்களுக்கு ஆலம் சுற்றிய பித்தளைத் தாம்பாளம் உனக்குத் தெரியும். பூஜை அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி இருக்கும். அதை எடுத்து விளையாடப் போய் அம்மாவிடம் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறாய். ஏன் அடித்தாள் என்று அன்றைக்கு உனக்குச் சொல்லவில்லை. அது உன் அப்பத்தாவின் தாம்பாளம்.

1964-இல் என் அக்காவுக்கு, அதாவது உன் அத்தைக்கு, ரங்கூனில் கல்யாணம் நடந்தது. அத்தைக்கு அப்போது 19 வயது. நான் கைக்குழந்தை. அந்த வருடம்தான் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்புறம் மே மாதம் 50 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நம்மவர்கள் கியாட்டையும் ரூபாய் என்றுதானே சொல்வோம். அத்தை வாழப்போன வீட்டுக்கு அந்தக் கடைதான் சோறு. ஒரு வாரத்தில் முடிவெடுத்து, மதராஸ் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டார்கள். மறுவீட்டுக்கு நாள் குறித்து, மஞ்சளும் சுண்ணாம்பும் வாங்கி வைத்து, இந்தத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தாள் அப்பத்தா. மகள் வரவில்லை, கடிதம் வந்தது. கப்பலுக்கு வழியனுப்பக்கூடப் போய்ச் சேர முடியவில்லை.

அதற்குப் பிறகு அப்பத்தா அந்தத் தாம்பாளத்தில் யாருக்கும் ஆலம் சுற்றவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் துலக்குவாள், துடைப்பாள், துணி சுற்றி வைப்பாள். 1991-இல் கண் மூடும்வரை அப்படித்தான். எனக்கு அக்கா ஒருத்திதான். ஆகவே இந்த வீட்டில் கட்டிக்கொடுத்த பெண் திரும்ப வந்து வாசலில் நிற்பது 60 வருடங்களில் இதுதான் முதல் தடவை. உன் அம்மா மஞ்சள் தண்ணீரைச் சுற்றும்போது கை நடுங்கியதைப் பார்த்திருப்பாய். காரணம் இதுதான்.

நேற்று இரவு அத்தையோடு பேசினோம். 80 வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை, பேரன்தான் போனைப் பிடித்துக்கொண்டான். விஷயம் புரிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் சேத்து மூணு சுத்து சுத்தச் சொல்லுடா" என்றாள். அதனால்தான் ஆறு சுற்று. மாப்பிள்ளை கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். தவறாக ஒன்றும் இல்லை, மூன்று உங்களுக்கு, மூன்று சென்னையில் இருக்கிற அக்காவுக்கு.

தேனு, உன் அம்மா தன் பங்குக்குச் சொல்லச் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன்.

"நீ போன மறுநாள் பழக்கத்தில் மூணு பால்டின் அரிசி அளந்து போட்டுட்டேன். ரெண்டு பேருக்கு ரெண்டே அதிகம். மிஞ்சினதுல தண்ணி ஊத்தி வச்சேன், அடுத்த நாளும் மூணுதான் அளந்தேன். ஒரு வாரம் ஆச்சு கை பழக. இன்னிக்குக் காலைல தைரியமா எட்டு டின் அளந்தேன். உன் தனாகா கல்லை நீ வச்ச இடத்துலயே வச்சிருக்கேன். காயவிடக் கூடாதுன்னு தினம் ஒரு கை தண்ணி தெளிச்சேன். கட்டை பழசு தேஞ்சு போச்சு, சந்தையில புதுசு வாங்கி வச்சிருக்கேன், நல்லா வாசமா இருக்கு. புளிச்சக்கீரை நம்ம வேலியிலதான் பறிச்சேன். ஙாப்பி வறுத்து வச்சிருக்கேன், மாப்பிள்ளைக்கு வாசம் ஆகாதுன்னா தனியா அடுப்படியில வச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் சாப்பிடுவோம். ஊறுகாய் கட்டிக் குடுக்க மறந்துட்டேன்னு அன்னிக்குப் பஸ் கிளம்பின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு, ராத்திரி முழுக்கத் தூங்கல. இந்தத் தடவை முதல் ஆளா அதைக் கட்டி வாசல்கிட்டயே வச்சிட்டேன்."

இதை எழுதிக்கொடுத்த பிறகு, "இன்னும் ஒண்ணு இருக்கு, அதை நீங்க சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன்.

மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே சொல்வதுதான் மரியாதை. அம்மாடி, இந்த வீட்டுக்கு வர உனக்குக் காரணம் எதுவும் வேண்டாம். பண்டிகை வேண்டாம், சீர் வேண்டாம், உடம்பு சரியில்லாமல் போக வேண்டாம். வரணும் போல இருந்தது, வந்தேன் என்றால் போதும். மனதில் ஒரு பாரம் இருந்தால் அப்பா வருத்தப்படுவார் என்று மறைக்காதே. மறைத்து வைத்து நீ இளைத்துப் போனால்தான் எங்களுக்கு வருத்தம். அப்பத்தா காலத்தில் நடுவில் கடல் இருந்தது. உனக்கும் எங்களுக்கும் நடுவில் 300 கிலோமீட்டர்தான்.

மாப்பிள்ளை, உங்களுக்கும் இதே வார்த்தைதான். தேனு இல்லாமல் நீங்கள் மட்டும் வந்தாலும் இந்த வாசல் இப்படித்தான் திறக்கும். எங்களுக்கு மகன் இல்லை என்று ஊரில் சொல்வார்கள், நாங்கள் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. ஆனால் கல்யாணத்தன்று மழையில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தபோது, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் ஓடிப்போய்க் கம்பைப் பிடித்தீர்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் எந்தப் பையனும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அன்று இரவே அம்மாவிடம், "நம்ம பிள்ளை நல்ல கையிலதான் இருக்கு" என்றேன். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். தேனுவுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளும் சம்பந்தியம்மா கஞ்சி வைத்துக் கொடுத்ததை அவள் போனில் சொன்னாள். அதை நாங்கள் மறக்க மாட்டோம்.

இங்கே உங்களுக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமில்லை. பக்கத்து வீட்டுப் பர்மாக்காரப் பெரியம்மா காலையிலிருந்து நான்கு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். நீ வியாழக்கிழமை பிறந்தவள், வியாழனுக்கு ப, ம வரிசை எழுத்துதான் ஆகும் என்று உனக்கு மீமீ என்று பெயர் வைத்தவர் அவர்தானே. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இன்றும் அதுதான் இருக்கிறது. வாசோ மாதப் பௌர்ணமி வந்தால் அவர்கள் மூன்று மாதம் கல்யாணம் செய்ய மாட்டார்கள், ஆடி வந்தால் நாம் செய்ய மாட்டோம். இரண்டுக்கும் முன்னால் வைகாசியிலேயே முடித்துவிடச் சொல்லி என்னை அவசரப்படுத்தியவரும் அவர்தான். உனக்காக மங்குஸ்தானும் ரம்புத்தானும் கூடை நிறையக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கிணற்றடிக் கதவு வழியாக இப்போது வந்துவிடுவார், வந்ததும் "தமீ, தமின் ஸா பீபீலா" என்றுதான் கேட்பார். சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிடாதே, அவர் கொண்டுவருவதை ஒரு வாயாவது வாங்கிச் சாப்பிடு.

அப்புறம், வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பில் எழுதியிருந்ததைப் பார்த்தாயா? மழைக்குப் பயந்து கூரைக்கு அடியில் எழுதினார்கள். கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரும் நேற்றே வந்துவிட்டார்கள். "சயாமா வருக" என்று எழுதி, 'சயாமா'வில் துணைக்கால் ஒன்றா இரண்டா என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வகுப்பை அம்மாதான் நடத்துகிறாள். நீ எழுதி வைத்த அட்டைகளை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். ல, ள, ழ வந்ததும் பிள்ளைகள் அம்மாவைப் பார்த்து, "சயாமா இப்படிச் சொல்ல மாட்டாங்க" என்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை வரை நீங்கள் இருந்தால் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காரு. மாப்பிள்ளையும் வரட்டும், பிள்ளைகளுக்கு அவரைப் பார்க்க வேண்டுமாம்.

உங்கள் அறை மேலே தயாராக இருக்கிறது. ஜன்னல் பக்கத்துக் கட்டிலை மாற்றிப் பெரிய கட்டில் போட்டிருக்கிறேன். உன் பழைய கட்டிலைக் கொடுத்துவிடவில்லை, கீழே கூடத்து மூலையில் இருக்கிறது. கரண்ட் இந்த வாரம் இரவில்தான் வருகிறது. பேட்டரி விளக்கும் விசிறியும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் யாரும் உங்களை எழுப்ப மாட்டோம். எந்த நேரம் எழுந்தாலும் மொஹிங்கா சூடாக இருக்கும்.

எத்தனை நாள் என்று நாங்கள் கேட்கவில்லை, உங்கள் தோதுபடி. ஆடிக்கு அழைக்க நானே ரங்கூன் வருவேன், அதை மட்டும் சம்பந்தி வீட்டில் சொல்லி வையுங்கள்.

சரி, வாசித்தது போதும். இலை போட்டாகிவிட்டது, சாதம் ஆறுகிறது. மாப்பிள்ளை, செம்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன், கை கழுவிக்கொண்டு வாருங்கள். தேனு, நீ அம்மா பக்கத்தில் உட்காரு.

உங்கள்
அப்பா, அம்மா